120 பேர் ஏன்?

எம்.பி.ஏ. மாணவர்களின் புராஜெக்ட் வைவாவுக்குப் போகும்போதெல்லாம் நான் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன். "ஏன் 120 பேரிடம் கேட்டீர்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "கைடு சொன்னாங்க சார்" என்பதுதான். சிலர், "போன வருஷ புராஜெக்டில் அப்படித்தான் இருந்தது சார்" என்பார்கள். நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்தவர்கள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "384 சார், டேபிள் பார்த்து எடுத்தேன்" என்பார்கள். அவர்களிடம் அடுத்த கேள்வி: "அந்த 384 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" உடனே பதில் வரும்: "கன்வீனியன்ஸ் சாம்பிளிங் சார்."

இந்த இரண்டு பதில்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அது தெரியாமலேயே ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகள் மூன்று மாத உழைப்பைக் கொட்டி விடுகிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். முதலில் எதைக் கேட்க வேண்டும், பிறகு எதைக் கேட்க வேண்டும் என்ற வரிசையை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

384 எங்கிருந்து வந்தது? கிரெய்சி, மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட அட்டவணைதான் நம் கல்லூரிகளில் வழங்கும் அந்த 'டேபிள்'. அதன் அடியில் இருக்கும் கணக்கு இதுதான்:

```
n = 1.96 × 1.96 × 0.5 × 0.5 / (0.05 × 0.05) = 384.16
```

ஒரு ஊரில் எத்தனை சதவீதம் பேர் ஒரு பொருளை வாங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இதே முறையில் 100 தடவை ஆய்வு செய்தால் 95 தடவையாவது உண்மை அந்த எல்லைக்குள் விழ வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவை என்பதற்கான விடைதான் 384. ஊரில் 1 லட்சம் பேர் இருந்தாலும் 10 லட்சம் பேர் இருந்தாலும் அட்டவணை ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். மாணவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். வீட்டுச் சாம்பாரானாலும் கல்யாணப் பந்திச் சாம்பாரானாலும் உப்புப் பார்க்க ஒரே அளவு கரண்டிதான் எடுக்கிறோம். அண்டா பெரிது என்பதற்காகக் கரண்டி பெரிதாவதில்லை. ஆனால் கிளறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கிளறல் வேலையைச் செய்வதுதான் குலுக்கல் முறைத் தேர்வு. மேலே உள்ள கணக்கு முழுவதும் அதை நம்பித்தான் நிற்கிறது. கையில் கிடைத்தவர்களிடம் கேட்டுவிட்டு அந்தச் சூத்திரத்தை மேற்கோள் காட்டினால், கிளறாத அண்டாவின் மேல்பரப்பில் ஒரு கரண்டி எடுத்து உப்பு சொல்வது போலத்தான்.

கிளறாமல் எடுத்தால் எவ்வளவு பெரிய கரண்டியும் உதவாது என்பதற்கு 1936-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலே சாட்சி. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் 1 கோடி பேருக்கு வாக்கு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் அட்டைகள் திரும்பி வந்தன. லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றார், லேண்டனுக்கு இரண்டே மாநிலங்கள் கிடைத்தன. இதழ் பெயர்களை எடுத்தது தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும். பொருளாதார மந்தநிலையில் நாடு தவித்துக்கொண்டிருந்த காலம் அது. போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அதோடு, அட்டையை நிரப்பித் திருப்பி அனுப்ப முனைந்தவர்கள் தனி ரகம். அதே தேர்தலில் இதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

வாட்ஸ்ஆப் குழுக்களில் கூகுள் ஃபார்ம் இணைப்பைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும் இதே கதைதான்.

ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம். கோவை மாநகரில் பாக்கெட் இட்லி, தோசை மாவு வாங்கும் குடும்பங்களின் திருப்தி. மார்க்கெட்டிங் மாணவர்கள் விரும்பி எடுக்கக்கூடிய தலைப்பு. இதற்கு வாட்ஸ்ஆப்பில் 150 பதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வயதுப் பட்டியலைப் பாருங்கள். 100 பேருக்கு மேல் 18 முதல் 25 வயதுக்காரர்கள், அதிலும் பாதி ஹாஸ்டல் மாணவர்கள் என்று வந்தால், மாவு பாக்கெட்டை வாங்கி, பிரித்து, புளிப்புப் பார்த்து, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கும் மனிதரை நீங்கள் சந்திக்கவே இல்லை என்று பொருள். மாதிரி சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்க எஸ்பிஎஸ்எஸ் தேவையில்லை. ஆய்வறிக்கையின் முதல் அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே எண்ணுக்கு முன்னால் ஆளைத் தீர்மானிக்க வேண்டும். 'கோவை மக்கள்' என்பது ஆய்வுக்கு உதவாது. கோவை மாநகராட்சி எல்லைக்குள் உள்ள வீடு, கடந்த 30 நாட்களில் ஒரு முறையாவது மாவு பாக்கெட் வாங்கிய வீடு, அந்த வீட்டில் எந்த மாவு வாங்குவது என்று முடிவு செய்யும் ஆள். இப்படி மூன்று வேலி போட்டால்தான் யாரிடம் பேச வேண்டும் என்பது தெளிவாகும்.

மாவு வாங்குவோரின் பெயர்ப் பட்டியல் எங்கும் கிடையாது. பட்டியல் இல்லாததால் குலுக்கல் முறையே முடியாது என்று மாணவர்கள் கைவிட்டு விடுகிறார்கள். ஆனால் மனிதர்களின் பட்டியல் இல்லாவிட்டாலும் இடங்களின் பட்டியல் இருக்கிறது. கோவை மாநகராட்சியில் 5 மண்டலங்கள், 100 வார்டுகள். ஒவ்வொரு மண்டலத்திலும் 4 வார்டுகளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 20 வார்டுகள் ஆயிற்று. ஒவ்வொரு வார்டிலும் தெருப் பெயர்களை எழுதிக் குலுக்கி இரண்டு தெருக்களை எடுங்கள். தெருமுனையில் நின்று வலது பக்கமாக ஒவ்வொரு ஐந்தாவது வீட்டின் கதவையும் தட்டுங்கள். மண்டலவாரியாகப் பிரித்துக்கொண்டது அடுக்கு முறை. வார்டு, தெரு என்று இறங்கி வந்தது கொத்து முறை. ஐந்தாவது வீடு என்பது ஒழுங்குமுறைத் தேர்வு. பாடப்புத்தகத்தில் தனித்தனித் தலைப்பில் மனப்பாடம் செய்த மூன்றும் இங்கே ஒரே வேலையில் சேர்ந்துகொள்கின்றன. வார்டுகளின் மக்கள்தொகை ஏறத்தாழத்தான் சமமாக இருக்கும் என்பதால் இது முழுத் துல்லியமான முறை இல்லை. ஆனாலும் கடை வாசலில் சிரித்த முகமாக வருபவரை மட்டும் நிறுத்திக் கேட்பதைவிடப் பன்மடங்கு மேல்.

ஐந்தாவது வீடு பூட்டியிருந்தால் ஆறாவது வீட்டுக்குப் போய்விடத் தோன்றும். போகக் கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு யாருடைய வீடு? பெரும்பாலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. பாக்கெட் மாவை அதிகம் நம்பியிருக்க வாய்ப்புள்ள வீடும் அதுதான். அந்த வீட்டைத் தாண்டிப் போனால் யாரைத் தேடி வந்தோமோ அவரையே விட்டுவிடுகிறோம். மாலையில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை திரும்பிப் போக வேண்டும். அப்படியும் இல்லையென்றால் 'பூட்டிய வீடு' என்று குறித்துக்கொண்டு நகரலாம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். எத்தனை பேர் போதும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கடைசியில் போடப்போகும் ஒப்பீடுதான். நம் ஆய்வில் முக்கியமான கேள்வி, வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீடுகளின் திருப்தியும் மற்ற வீடுகளின் திருப்தியும் வேறுபடுகின்றனவா என்பது என்று கொள்வோம். இரண்டு குழுக்களின் சராசரிகளுக்கு இடையே நடுத்தர அளவு வேறுபாடு, அதாவது மதிப்பெண்கள் பொதுவாகச் சிதறும் அளவில் பாதி வேறுபாடு இருந்தால் அதை 100-க்கு 80 தடவை பிடித்துவிட வேண்டும் என்றால், ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் போட்டுத் தந்த கணக்கு இது. அதைவிடச் சிறிய வேறுபாட்டை, அந்தச் சிதறலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால், ஒரு குழுவுக்கே ஏறக்குறைய 400 பேர் வேண்டும். ஒரு மாணவரால் அது ஆகாது. ஆகாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 'வேறுபாடு இல்லை' என்று முடிவில் எழுதுவதற்கும் 'இந்த அளவு மாதிரியில் சிறிய வேறுபாடு தென்படாது' என்று எழுதுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீடுகள் நம் மாதிரியில் 30 சதவீதம்தான் வரும் என்று ஊகித்தால், அந்தக் குழுவில் 64 பேர் சேர மொத்தம் 214 பேர் வேண்டும். அரைகுறையாக நிரப்பிய படிவங்களை ஒதுக்க இடம் விட்டு, வார்டுக்கு 12 வீதம் 240 படிவங்கள் எடுக்கலாம். 20 படிவங்கள் கழிந்தாலும் 220 மிஞ்சும். தட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றுதான் பாக்கெட் மாவு வாங்குகிறது என்றால், 480 கதவுகள் திறந்தாக வேண்டும். பதில் சொல்ல மறுப்பவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். களத்துக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய எண் இதுதான். ஒரு நாளைக்கு 25 கதவுகள் என்று வைத்தாலும் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்.

220 பேர் என்றால் சதவீதக் கணக்கில் பிழை எல்லை சுமார் 6.6. ஆனால் ஒரே வார்டில் 11 வீடுகளைக் கேட்டால் அவை ஓரளவு ஒன்றுபோலத்தான் பேசும். ஒரே அண்ணாச்சி கடையில்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அந்த ஒற்றுமை லேசாக இருந்தாலே 220 பேர், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த 150 பேருக்குச் சமமாகிவிடுவார்கள். பிழை எல்லை 8 சதவீதத்தைத் தொடும். வார்டுக்கு 12 வீடு என்பதை 6 ஆக்கி வார்டுகளை 40 ஆக்கினால் இது குறையும், ஆனால் பஸ் செலவு கூடும். 8 சதவீதம் என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்மையாகப் போட்ட 8, பார்த்து எழுதிய 5-ஐவிட மதிப்புள்ளது.

இவ்வளவு பாடுபட்டுக் கதவைத் திறக்க வைத்தபின், உள்ளே கேட்கும் கேள்வி கோணலாக இருந்தால் எல்லாம் வீண்.

ஆங்கிலத்தில் தயாரித்த படிவத்தைத் தெருவில் நின்றபடி மாணவர் தமிழாக்கிக் கேட்பதுதான் நடைமுறை. "இந்த மாவு சீக்கிரம் புளிப்பதில்லை, உடன்படுகிறீர்களா, உடன்படவில்லையா?" புளிக்கிறது என்று நினைப்பவர் 'உடன்படவில்லை' என்று சொல்ல வேண்டும். இல்லை என்பதற்கு இல்லை என்று சொல்லித் தன் கருத்தைத் தெரிவிக்க வேண்டிய நிலை. பாதிப் பேர் தடுமாறி, "ஆமா, புளிக்குது" என்பார்கள். மாணவர் 'ஆமா' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு 'உடன்படுகிறேன்' கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். பதில் அப்படியே தலைகீழாகிவிடும். அதனால் வாக்கியத்தில் 'இல்லை' வரக் கூடாது. "இந்த மாவு இரண்டாவது நாளே புளித்துவிடுகிறது" என்று நேராகச் சொல்லிவிட்டு, "ரொம்பச் சரி, சரி, இரண்டும் இல்லை, சரியில்லை, சுத்தமாகச் சரியில்லை" என்ற ஐந்தையும் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தால் அவரே விரலை வைத்துக் காட்டுவார்.

புளிப்பு இன்னொரு பாடமும் சொல்லித் தருகிறது. சுவை, விலை போன்றவற்றுக்கு 5 என்பது மேல், 1 என்பது கீழ். புளிப்பு அப்படியல்ல. 'ரொம்பக் குறைவு' 1, 'சரியான அளவு' 3, 'ரொம்ப அதிகம்' 5 என்றுதான் அளக்க வேண்டும். இங்கே நடுவில் இருப்பதுதான் உச்சம். இதன் சராசரியை மற்றவற்றோடு சேர்த்துப் போட்டால் மோசம் போவீர்கள். பாதிப் பேர் 2 என்றும் பாதிப் பேர் 4 என்றும் சொல்லியிருந்தால் சராசரி 3 வரும். எல்லோருக்கும் சரியான புளிப்பு என்று அறிக்கை எழுதுவீர்கள். உண்மையில் ஒருவருக்குக்கூடப் பிடிக்கவில்லை. இத்தகைய கேள்விக்குச் சராசரியே வேண்டாம். 'குறைவு' எத்தனை சதவீதம், 'சரி' எத்தனை, 'அதிகம்' எத்தனை என்று எழுதினால் போதும்.

ஐந்து கட்டம் போட்ட எந்தக் கேள்வியையும் 'லிக்கர்ட் ஸ்கேல்' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்தியது, ஒரே மனப்பான்மையைச் சுற்றிப் பல வாக்கியங்களை வைத்து அவற்றின் மதிப்பெண்களைக் கூட்டும் முறையை. ஒரு வாக்கியம் என்பது ஒரு கல்தான், சுவர் ஆகாது. பாக்கெட் மாவின் மீதுள்ள நம்பிக்கையை அளக்க வேண்டும் என்றால் இப்படி நான்கு வாக்கியங்கள் வைக்கலாம்: இந்த மாவு சுத்தமாக அரைக்கப்படுகிறது என்று நம்புகிறேன், இதைக் குழந்தைகளுக்குத் தயங்காமல் கொடுப்பேன், பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதி உண்மையாகத்தான் இருக்கும், இதில் சோடா கலந்திருப்பார்களோ என்று சந்தேகம் வருகிறது. நான்காவது எதிர்த்திசையில் ஓடுகிறது. கூட்டும் முன் அதன் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். 5 சொன்னவருக்கு 1, 4 சொன்னவருக்கு 2.

அந்த நான்காவது வாக்கியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் வீடுகளில், படிக்கிற பிள்ளை வெயிலில் வந்து நிற்கிறதே என்ற இரக்கத்தில், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு, போட்டுக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் 4. நம்பிக்கைக்கும் 4, சந்தேகத்துக்கும் 4. இப்படி வரிசையாக ஒரே கட்டத்தில் டிக் விழுந்த படிவங்களைத் தனியே எடுத்து எண்ணுங்கள். எத்தனை ஒதுக்கினீர்கள் என்றும் எழுதுங்கள். எல்லாச் சராசரியும் 4-ஐ ஒட்டி வந்து நிற்கும் அறிக்கையைப் பார்த்தால் எனக்கு மாவின் தரம் தெரிவதில்லை, அந்த வீட்டு அம்மாவின் நல்ல மனசுதான் தெரிகிறது.

நான்கு வாக்கியங்களும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பார்க்கத்தான் க்ரான்பாக் ஆல்பா. 1951-இல் லீ க்ரான்பாக் எழுதிய கட்டுரையால் பரவிய அளவு இது. 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்பது வழக்கம். ஆல்பா மிகவும் தாழ்ந்தோ மைனஸிலோ வந்தால், பதறி வாக்கியங்களை நீக்காதீர்கள். எதிர்த்திசை வாக்கியத்தைத் திருப்ப மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். அதேபோல, "தெரியாது" என்பதை 3-ஆம் எண்ணில் அடைக்காதீர்கள். தேதியைப் பார்த்ததே இல்லை என்பவர் நடுநிலையாளர் அல்லர், அவருக்குத் தனிக் கட்டம் வேண்டும். இதெல்லாம் 240 படிவம் அச்சடித்தபின் தெரிந்தால் பயனில்லை. மாதிரியில் வராத ஒரு தெருவில் முதலில் 20 வீடுகளில் கேட்டுப் பார்த்தாலே எந்த வாக்கியத்தில் எல்லோரும் "என்ன கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

வீடு வீடாகப் போக எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்கள். தனியாகத் தெருத் தெருவாகப் போக வீட்டில் அனுப்பாத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மண்டலத்துக்கு இத்தனை, வயதுக்கு இத்தனை என்று ஒதுக்கீடு வைத்துக்கொண்டு, ஐந்தாறு கடைகளில் காலையிலும் மாலையிலும் நின்று, மாவு வாங்கும் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் கேட்கலாம். குறையுள்ள முறைதான், ஆனால் கௌரவமான முறை. அப்படிச் செய்தால் 384 அட்டவணையையும் பிழை எல்லையையும் அறிக்கையில் கொண்டுவராதீர்கள். அவற்றுக்கு அங்கே இடமில்லை. ஒப்பிடும் குழுக்களுக்குத் தலா 64 பேர் வருமாறு பார்த்துக்கொண்டேன் என்று எழுதுங்கள். இந்த முடிவுகள் நான் நின்ற கடைகளுக்கு வந்தவர்களைப் பற்றியவை என்றும் எழுதுங்கள். வைவாவில் யாரும் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். குறைத்தால் தவறு கேட்பவர் மீதுதான்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சிறிய அட்டவணை மட்டும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். எத்தனை கதவுகள் தட்டினேன், எத்தனை பூட்டியிருந்தன, எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை வீடுகள் மாவு வாங்குவதில்லை, எத்தனை படிவங்களை ஒதுக்கினேன், எத்தனை மிஞ்சின. ஆறே வரிகள். உங்கள் அறிக்கையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.